எல்லாத்துக்கும் 'எஸ்' போட்டுடலாமா? தையல் யூனிட்டுக்கு வரும் வெளிநாட்டுக் கேள்வித்தாளை எப்படிப் படிப்பது?

தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு பக்கம் 50 மெஷின் போட்ட ஒரு தையல் யூனிட்டை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். பல வருடம் திருப்பூரில் டெய்லராக இருந்துவிட்டு, ஊருக்குத் திரும்பி சொந்தமாக யூனிட் போட்டவர் அதன் ஓனர். திருப்பூர் எக்ஸ்போர்ட்டர் ஒருவரிடமிருந்து வெட்டிய துணி வரும். தைத்து, செக்கிங் முடித்து, திருப்பி அனுப்ப வேண்டும். பீஸுக்கு இவ்வளவு என்று ரேட். வெளிநாட்டு பையரின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை.

ஒருநாள் எக்ஸ்போர்ட்டர் அலுவலகத்திலிருந்து ஒரு மெயில் வருகிறது. பக்கம் பக்கமாக ஆங்கிலக் கேள்விகள். 'பையர் கேட்கிறார், வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பி அனுப்பவும்' என்று ஒரு வரி. அதை விளக்கிச் சொல்ல வந்த இளம் கம்ப்ளையன்ஸ் அலுவலரிடம் ஓனர் கேட்கும் முதல் கேள்வி, இந்தத் தொழிலில் இருக்கும் பலரும் கேட்டிருக்கக்கூடியதுதான்: "தம்பி, எல்லாத்துக்கும் 'எஸ்' போட்டு அனுப்பிடலாமா?"

"வேண்டாங்கண்ணா. அதுதான் இருக்கறதிலேயே பெரிய ரிஸ்க்" என்பதே சரியான பதில். ஏன் என்பதுதான் இங்கே விஷயம்.

இந்தத் தாள் ஏன் பாலக்கோடு வரை வருகிறது?

லண்டனிலோ ஹாம்பர்க்கிலோ சட்டை விற்கும் கம்பெனி, அந்தச் சட்டை எந்த நிலையில் தைக்கப்பட்டது என்று தன் நாட்டில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜெர்மனியில் 2023 ஜனவரி முதல் இதற்கென்றே சப்ளை செயின் சட்டம் அமலில் இருக்கிறது. அதற்கு முன்பே, 1998-ல் பிரிட்டனில் தொடங்கிய எத்திகல் டிரேடிங் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு, கட்டாய உழைப்பு கூடாது, குழந்தைத் தொழிலாளர் கூடாது, சங்கம் சேரும் உரிமை, பாதுகாப்பான இடம், வாழப் போதுமான கூலி, அளவான வேலை நேரம் என்று 9 விதிகளை வகுத்தது. 'ஸ்மெட்டா' என்று திருப்பூரில் சாதாரணமாகப் பேசப்படும் ஆடிட், இந்த 9 விதிகளையும் உள்ளூர்ச் சட்டத்தையும் வைத்துத்தான் நடக்கிறது. இரண்டில் எது தொழிலாளருக்கு அதிகப் பாதுகாப்பு தருகிறதோ, அதுதான் அளவுகோல்.

ஆடிட்டுக்கு முன் வரும் கேள்வித்தாள், யூனிட் தன்னைப் பற்றித் தானே எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம். ஆடிட்டர் வரும்போது அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருவார். ஸ்மெட்டாவில் பாஸ், ஃபெயில் என்று எதுவும் கிடையாது. என்னென்ன குறைகள், ஒவ்வொன்றும் எவ்வளவு தீவிரம், எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும் என்ற பட்டியல்தான் முடிவில் வரும். இதைப் புரிந்துகொள்ளாமல் பள்ளிக்கூடப் பரீட்சைபோல நினைத்து 'எஸ்' போடுவதிலிருந்துதான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

முதல் கேள்வி: மொத்தம் எத்தனை பேர்?

பார்க்க ரொம்பச் சாதாரணமான கேள்வி. ஓனர் 38 என்று எழுதுகிறார். பி.எஃப்., இ.எஸ்.ஐ.-யில் பெயர் இருப்பது 38 பேருக்குத்தான். ஆனால் நூல் வெட்ட, செக்கிங் பார்க்க, அயர்ன் பண்ண என்று ஏஜென்ட் ஒருவர் வேனில் கூட்டி வரும் 22 பேர் தினமும் உள்ளே வேலை செய்கிறார்கள்.

"அவங்க என் ஆளுங்க இல்லையே தம்பி, ஏஜென்ட் ஆளுங்க" என்கிறார் ஓனர்.

கேள்வித்தாள் கேட்பது 'உங்கள் ஆட்கள்' எத்தனை என்று அல்ல. அந்தக் கூரைக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் எத்தனை என்பதே கேள்வி. ஆண், பெண், வெளிமாநிலத்தவர், கான்ட்ராக்ட் என்று தனித்தனிக் கட்டங்கள் அதற்காகத்தான். 38 என்று எழுதிவிட்டால், ஆடிட் நாளில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தலையை எண்ணினாலே போதும், 60 பேர் என்று தெரிந்துவிடும். அதன்பிறகு அந்தத் தாளில் உள்ள மற்ற எந்தப் பதிலையும் ஆடிட்டர் நம்ப மாட்டார்.

இது வெறும் பேப்பர் பிரச்சினையும் அல்ல. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு இ.எஸ்.ஐ. பொருந்தும், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் அதில் வருவார்கள். சம்பளத்தில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், ஓனர் பங்கு 3.25 சதவீதம். ஏஜென்ட் கட்டவில்லை என்றால், அந்தப் பொறுப்பு யூனிட்டின் தலையில்தான் வந்து விழும். வேனில் வரும் ஓர் அக்காவின் விரலில் ஊசி இறங்கினால் மருத்துவச் செலவு யாருடையது என்பதைத்தான், 'எத்தனை பேர்' என்ற கேள்வி சுற்றி வளைத்துக் கேட்கிறது.

ஒன்றரை ஷிப்ட் கணக்கு

அடுத்த கேள்வியில்தான் பெரும்பாலான சின்ன யூனிட்டுகள் மாட்டுகின்றன: 'மிகைநேர வேலைக்குச் சட்டப்படியான கூலி தரப்படுகிறதா?'

ஓனர் தயங்காமல் 'எஸ்' என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. திருப்பூரில் அவர் டெய்லராக இருந்த காலத்தில் பழகிய கணக்கு அது. இடைவேளை போக 8 மணி நேரம் ஒரு ஷிப்ட். இரவு வரை இன்னும் 4 மணி நேரம் தைத்தால் ஒன்றரை ஷிப்ட். ஒன்றரை ஷிப்டுக்கு ஒன்றரை நாள் கூலி. இதில் தப்பு என்ன?

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். கூட்டிக் கழிக்க வசதியாக ஒரு டெய்லரின் ஷிப்ட் கூலி 480 ரூபாய் என்று எடுத்துக்கொள்ளலாம். மணிக்கு 60 ரூபாய். 4 மணி நேர ஓ.டி.க்கு ஒன்றரை ஷிப்ட் கணக்கில் அவருக்குக் கிடைப்பது 240. ஆனால் சட்டம் சொல்வது இரட்டிப்பு. 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 59-வது பிரிவு அப்படித்தான் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இரட்டிப்பு மாறவில்லை. ஆக மணிக்கு 120 வீதம் 480 தர வேண்டும். 12 மணி நேரம் தைத்தால் ஒன்றரை நாள் கூலி அல்ல, இரண்டு நாள் கூலி. ஒரு நாளைக்கு, ஒரு ஆளுக்கு 240 ரூபாய் குறைகிறது.

ஷிப்மென்ட் வாரத்தில் 5 நாள் இப்படி ஓடினால் ஆளுக்கு 1,200 ரூபாய். 20 டெய்லர்களுக்கு 24,000 ரூபாய். ஒரே வாரத்தில்.

"நாங்க பீஸ் ரேட்டுதானே தம்பி? மணிக் கணக்கே கிடையாதே" என்று ஓனர் கேட்கலாம். பீஸ் ரேட்டுக்கும் வழி சொல்லப்பட்டிருக்கிறது. 59-வது பிரிவில் இருந்த முறை இது: முந்தைய மாதம் அதே வேலையில் ஓ.டி. இல்லாமல் அவர் சராசரியாக ஒரு நாளைக்கு எவ்வளவு சம்பாதித்தார் என்று பார்த்து, அதை அவருடைய நாள் கூலியாக வைத்து இரட்டிப்பைக் கணக்கிட வேண்டும். பீஸ் ரேட்டில் வேலை செய்வதால் மட்டும் ஒருவர் ஓ.டி. கணக்கிலிருந்து விலகிவிட மாட்டார்.

நேரமும் இடிக்கிறது. 6 நாள் வேலை 48 மணி நேரம், 5 நாள் ஓ.டி. 20 மணி நேரம், மொத்தம் 68. வாரத்துக்கு 60 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது எத்திகல் டிரேடிங் விதிகளின் பொதுவான வரம்பு.

ஊசி காட்டிக்கொடுக்கும்

இங்கேதான் 'ரெண்டு புக்' யோசனை வருகிறது. ஆடிட்டுக்கு ஒரு வருகைப் பதிவேடு, உண்மைக்கு ஒன்று. ஆடிட் பதிவேட்டில் எல்லோரும் மாலை ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை யூனிட் பூட்டியிருக்கும்.

ஆடிட்டர் வருகைப் பதிவேட்டை மட்டும் பார்த்தால் இது ஒருவேளை நடக்கும். ஆனால் அனுபவமுள்ள ஆடிட்டர் முதலில் கேட்பது வேறொரு நோட்டாக இருக்கலாம்: உடைந்த ஊசிப் பதிவேடு. தைக்கும்போது ஊசி உடைந்தால், துண்டுகளைத் தேடி எடுத்து, எந்த மெஷின், எந்தத் தேதி, என்ன நேரம் என்று எழுதி, ஒட்டி வைக்க வேண்டும். குழந்தைச் சட்டைக்குள் ஊசித் துண்டு போய்விடக் கூடாது என்பதற்காகப் பையர் கேட்கும் பதிவேடு அது. அதை எழுதுகிறவர் உண்மையைத்தான் எழுதுவார், பொய் எழுத அவருக்குக் காரணமே இல்லை. அதில் 'ஞாயிறு, இரவு 7.40, ஓவர்லாக் மெஷின்' என்று ஒரு வரி இருந்தால் போதும். பூட்டியிருந்த யூனிட்டில் ஊசி எப்படி உடைந்தது?

செக்கிங் ரிப்போர்ட், ஜெனரேட்டர் நோட்டு, கேட் பாஸ், சரக்கு ஏற்றிய டெலிவரி சலான் எல்லாமே இப்படித்தான் குறுக்குச் சாட்சிகள். அதோடு தொழிலாளர்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார்கள். 'கேட்டா இப்படிச் சொல்லுங்க' என்று சொல்லிக்கொடுத்திருந்தால், ஐந்து பேரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வதிலேயே அது தெரிந்துவிடும்.

ஓ.டி. அதிகம் என்பது திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்கக்கூடிய குறை. ஆவணத்தைத் திரித்தது அப்படியல்ல. அது 'இந்த யூனிட் சொல்லும் எதையும் நம்ப முடியாது' என்ற முடிவுக்குக் கொண்டுபோய், ஆர்டரையே நிறுத்த வைக்கும். 'நோ' என்று உண்மையாக எழுதுவதைவிட, பொய்யாக எழுதிய 'எஸ்' ஆபத்தானது என்பதற்குக் காரணம் இதுதான்.

சடங்கு மாதிரித் தெரியும் கேள்விகள்

'வேலை நேரத்தில் அவசர வழிகள் பூட்டாமல் இருக்கின்றனவா?' பீஸ் திருட்டுப் போகக் கூடாது என்று பின்கதவுக்குப் பூட்டுப் போடுவது பல இடங்களில் வழக்கம். ஆடிட் அன்று மட்டும் திறந்து வைத்தால் போதும் என்று தோன்றும்.

கராச்சியின் பால்டியா டவுனில் 2012 செப்டம்பர் 11 அன்று அலி என்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கதவுகள் பூட்டியிருந்தன, ஜன்னல்களில் கம்பி. தீ வைக்கப்பட்டது என்று பின்னாளில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அத்தனை பேரால் வெளியே வர முடியாமல் போனதற்குக் காரணம் பூட்டும் கம்பியும். அந்தத் தொழிற்சாலைக்கு எஸ்.ஏ. 8000 என்ற சமூகப் பொறுப்புச் சான்றிதழ் கிடைத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பேப்பரில் எல்லாக் கட்டங்களும் 'எஸ்'. அந்த 'எஸ்' யாரையும் காப்பாற்றவில்லை.

இன்னொரு கேள்வி, 'குடிநீர் பரிசோதிக்கப்பட்டதா?' இதைப் பார்த்து ஓனர் சிரிக்கக்கூடும். "போர் தண்ணி தம்பி, கண்ணாடி மாதிரி இருக்கும்."

வேறு மாவட்டத்தில் இது சாதாரணக் கேள்வியாக இருக்கலாம். தருமபுரியில் இல்லை. இங்கே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஃப்ளோரைடு கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பதுதான் உச்ச வரம்பு. அதைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் பல் கறை படியும். அளவு இன்னும் கூடினால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும். குடிநீர் வாரிய ஆய்வகத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்து ரிப்போர்ட் வாங்குவது, இந்தக் கேள்வித்தாளிலேயே குறைந்த செலவில் முடியும் வேலை. அதில் ஃப்ளோரைடு அளவையும் சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும்.

கமிட்டியில் யார் இருக்கிறார்கள்?

'பாலியல் தொல்லை புகார்களை விசாரிக்க உள்குழு இருக்கிறதா?' 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி இது கட்டாயம். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள். வெளியிலிருந்து ஒருவர் வேண்டும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் படிவத்தில் 5 பெயர்களை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் 'எஸ்' போட்டுவிடலாம் என்பது வழக்கமான எண்ணம். ஆடிட்டர் கேட்பது எளிய கேள்வி: 'கமிட்டியில் யார் இருக்காங்கம்மா?' பெயர் ஒட்டப்பட்டிருக்கும் பெண்ணுக்கே தெரியவில்லை என்றால், அங்கே கமிட்டி இல்லை.

தமிழ்நாட்டிலேயே இதன் விலை தெரியும். திண்டுக்கல் மாவட்டத்தில் பெரிய வெளிநாட்டு பிராண்டுகளுக்குத் தைத்துக்கொடுத்த ஓர் ஆலையில் வேலை செய்த இளம்பெண் 2021 ஜனவரியில் கொலையானார். அந்த வழக்கில் கைதானவர் அதே ஆலையின் மேற்பார்வையாளர். அதன்பிறகு 2022 ஏப்ரலில், பெண் தொழிலாளர்களின் சங்கமும் ஆலை நிர்வாகமும் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' போட்டார்கள். எச் அண்ட் எம் நிறுவனமும் அதையொட்டித் தனி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. தையல் வரிசையில் இருக்கும் பெண்களிலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்து, தொல்லையைக் கவனித்துப் புகார் சொல்லும் கண்காணிப்பாளர்களாக ஆக்கியதுதான் அதன் உயிர்நாடி. வருடத்துக்கு ஒருநாள் வரும் ஆடிட்டரால் பார்க்க முடியாததைப் பக்கத்து மெஷினில் இருக்கும் பெண்ணால் பார்க்க முடியும். பாலக்கோடு யூனிட்டுக்கும் இது பொருந்தும்.

அப்போ என்ன எழுதறது?

இத்தனையும் கேட்ட பிறகு ஓனர் கேட்பது நியாயமான கேள்வி: "உண்மையை எழுதினா ஆர்டர் போயிடாதா?"

போகலாம். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. சத்தமில்லாமல் வேறு யூனிட்டுக்கு வேலையை மாற்றிவிடும் எக்ஸ்போர்ட்டர்களும் உண்டு. அதனால் வெறும் 'நோ' போதாது. 'நோ' என்ற பதிலுக்குப் பக்கத்தில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: குறை என்ன, காரணம் என்ன, எந்தத் தேதிக்குள் யார் சரிசெய்வார்கள்.

ஓ.டி. கேள்விக்கு இப்படி எழுதலாம்: 'ஷிப்மென்ட் வாரங்களில் வேலை நேரம் 68 மணி வரை போகிறது. மிகைநேரத்துக்கு ஒற்றைக் கூலி தரப்பட்டுவந்தது. அடுத்த சம்பள மாதத்திலிருந்து இரட்டிப்புத் தரப்படும். 60 மணிக்குள் முடிக்க முடியாததற்குக் காரணம், வெட்டிய துணி தாமதமாக வந்தும் டெலிவரி தேதி மாறாமல் இருப்பது. கடந்த 6 மாத டெலிவரி சலான் நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன.'

கடைசி வாக்கியம்தான் முக்கியம். துணி 1-ம் தேதி வர வேண்டியது 8-ம் தேதி வந்தது, ஆனால் தைத்து முடிக்க வேண்டிய 20-ம் தேதி அப்படியே இருந்தது என்பதற்குச் சலானில் சாட்சி இருக்கிறது. 19 நாள் வேலையை 12 நாளில் முடிக்கச் சொன்னது யார் என்ற கேள்வி, அந்தச் சலானோடு சேர்ந்து மேலே போகும். சின்ன யூனிட் ஓனர் பையரிடம் நேராகப் பேச முடிகிற இடம் அநேகமாக இது ஒன்றுதான். அதை 'எஸ்' என்று நிரப்பி வீணாக்குவது, 'எங்களுக்கு எந்தக் கஷ்டமும் இல்லை, இதே ரேட்டில், இதே வேகத்தில் தொடரலாம்' என்று எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

கேள்வித்தாளில் இல்லாத கேள்வி

பையர்கள் மீது ஒரு குற்றச்சாட்டு நியாயமானது. கூலி சரியா, கதவு திறந்திருக்கிறதா, தண்ணீர் சுத்தமா என்று நூறு கேள்வி கேட்பவர்கள், 'நாங்கள் கொடுக்கும் ரேட்டில் இரட்டிப்பு ஓ.டி. கட்டுமா?' என்று கேட்பதில்லை. வாரம் 24,000 ரூபாய் கூடுதல் கூலி பீஸ் ரேட்டுக்குள் அடங்கவில்லை என்றால், அது யாருடைய பாக்கெட்டிலிருந்து வர வேண்டும்? ஆடிட் கட்டணத்தைக்கூடப் பல நேரம் தைத்துக்கொடுப்பவர்தான் கட்டுகிறார். ஜெர்மன் சட்டம்கூட, கம்பெனிகள் தாங்கள் வாங்கும் முறையையும் சரிசெய்ய வேண்டும் என்கிறது. கேள்வித்தாள்களில் அந்தப் பக்கம் இன்னும் பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது.

ஆனால் அந்த நியாயம், தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவருக்கு 240 ரூபாய் குறைத்துக் கொடுப்பதற்குச் சாக்கு ஆகாது. ஓனரும் ஒரு காலத்தில் அதே ஒன்றரை ஷிப்ட் கூலியை வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்பியவர்தான். 12 மணி நேரம் தைத்ததற்கு அன்றைக்கு அவருக்கும் அரை நாள் கூலி குறைந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமைக்குள் தாள் போக வேண்டும். அதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் உள்ளே போய்த் தலையை எண்ணிவிட்டு, முதல் கட்டத்தில் 60 என்று எழுதுவது.